நல்ல குடித்தனக்காரருக்கு ஒரு கடிதம்

சென்னையில் ஜூன் கடைசியில் ஒரு வீடு காலியானால் அடுத்த குடித்தனம் பெரும்பாலும் ஆவணியில்தான் வரும். வீடு பார்க்க ஆட்கள் வருவார்கள், பிடித்திருக்கிறது என்பார்கள், டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் பால் காய்ச்சுவது ஆடி கழித்துத்தான். மார்கழியிலும் இதே கதை. இந்த இரண்டு மாதங்களுக்கு ஒட்டி ஒப்பந்தம் முடிகிற வீடுகளின் சொந்தக்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், மாதா மாதம் ஒழுங்காக வாடகை கட்டும் குடித்தனக்காரரிடம் ஒப்பந்தம் முடிய பத்து நாள் இருக்கும்போது போன் செய்து, “இந்தத் தடவை ஆயிரத்து ஐநூறு சேர்த்துக்குங்க தம்பி” என்று சொல்வதுதான் வழக்கமாக இருக்கிறது. அவர் “பார்க்கிறேன் மேடம்” என்பார். அந்தப் ‘பார்க்கிறேன்’ என்பது சில சமயம் வேறு வீட்டைப் பார்ப்பதாகவும் இருக்கும்.

இதற்கு மாற்றாக, சில வீட்டுக்காரர்கள் வேறொன்று செய்கிறார்கள். மூன்று வருடத்துக்கு ஒரே ஒப்பந்தம், வழக்கமாக ஏறும் வாடகையில் கொஞ்சம் குறைவு என்று தாங்களே முன்வந்து எழுதிக் கொடுக்கிறார்கள். கேட்க நல்ல யோசனைதான். ஆனால் எவ்வளவு குறைப்பது, எப்போது சொல்வது, எப்படி எழுதுவது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். கணக்குப் போடாமல் தாராளமாகக் குறைத்துவிட்டுப் பிறகு முணுமுணுப்பவர்களும் உண்டு. ஐநூறு ரூபாயைக் குறைத்துவிட்டு அதை உபகாரம்போல எழுதி, இருந்த நல்லுறவையும் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு இதைப் பார்ப்போம். மடிப்பாக்கத்தில் ஆறு வீடுகள் கொண்ட ஒரு அடுக்குமாடி. அதன் மேல்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு. சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, இருப்பது திருச்சியில். குடியிருப்பவர் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்ப்பவர், மனைவி, ஏழாம் வகுப்பு படிக்கும் மகள். மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போதைய வாடகை 22,000 ரூபாய், அட்வான்ஸ் 66,000. பதினோரு மாத ஒப்பந்தம் ஜூன் 30 அன்று முடிகிறது. புதுப்பிக்கும்போது ஐந்து சதவீதம் ஏற்றுவது வழக்கம்.

முதல் கேள்வி, இவர் உண்மையிலேயே நம்பகமானவர்தானா என்பது. பார்த்தால் நல்லவராகத் தெரிகிறார் என்பது போதாது. வங்கிக் கணக்கைத் திறந்து வாடகை எந்தத் தேதியில் வந்திருக்கிறது என்று பாருங்கள். எப்போதாவது எட்டாம் தேதி வந்திருக்கலாம். அன்று முன்கூட்டிச் சொன்னாரா என்பதுதான் முக்கியம். கரண்ட் பில் பாக்கி இருக்கிறதா, பராமரிப்புத் தொகையைச் சங்கத்தில் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று ஒரு போனில் தெரிந்துகொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வீட்டில் ஒன்று பழுதானால் அவர் எப்போது சொல்கிறார் என்பது. சுவரில் ஈரம் இறங்கும் அன்றே சொல்பவர் உங்கள் வீட்டைக் காப்பாற்றுகிறார். பெயிண்ட் உரிந்து விழுந்த பிறகு சொல்பவர் வாடகையை ஒன்றாம் தேதியே கட்டினாலும் உங்களுக்குச் செலவு வைப்பவர்தான்.

இவர் முதல் வகை என்று வைத்துக்கொள்வோம். இனி பணக்கணக்கு.

வழக்கம்போல வருடத்துக்கு ஐந்து சதவீதம் ஏற்றிக்கொண்டே போனால் முதல் வருடம் 23,100, அடுத்து 24,255, மூன்றாவது 25,468 என்று வாடகை வரும். மூன்று வருடத்தில் மொத்தம் சுமார் 8,74,000 ரூபாய். (பதினோரு மாதத்துக்கு ஒருமுறை என்பதை வருடத்துக்கு ஒருமுறை என்று எளிதாக்கிக்கொண்டேன், பெரிய வித்தியாசம் வராது.) இதற்குப் பதில் 22,400, 23,500, 24,700 என்று மூன்று வருடத்துக்கும் இப்போதே எழுதிக் கொடுத்தால் மொத்தம் 8,47,200. வீட்டுக்காரர் விட்டுக்கொடுப்பது சுமார் 27,000 ரூபாய். மாதத்துக்கு எழுநூற்றுச் சொச்சம். வாடகையில் மூன்று சதவீதம்.

பலர் செய்வது இதுவல்ல. “இந்த வருடம் ஏற்றவே வேண்டாம், அடுத்த வருடத்திலிருந்து ஐந்து சதவீதம்” என்று சொல்லிவிடுகிறார்கள். பெருந்தன்மையாகத் தெரியும், சொல்வதற்கும் சுலபம். ஆனால் ஒரு தடவை ஏற்றாமல் விட்டால் அந்த இழப்பு அந்த வருடத்தோடு நிற்காது. அடுத்தடுத்த ஏற்றங்களும் அந்தக் குறைந்த தொகையின் மேல்தான் விழும். அப்படிப் போட்டால் மூன்று வருடத்தில் போவது 41,000 ரூபாய்க்கு மேல். சின்னச் சலுகை என்று நினைத்துப் பெரிய சலுகையைக் கொடுத்துவிடுகிறோம்.

சரி, 27,000 கொடுத்து எதை வாங்குகிறோம்? இவர் ஜூன் 30 அன்று காலி செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். ஜூலை முதல் பாதி பெயிண்ட் அடிப்பதில் போகும், பிறகு ஆடி. இரண்டு மாத வாடகை போயிற்று: 46,200. அந்த இரண்டு மாதப் பராமரிப்பை வீட்டுக்காரரே கட்ட வேண்டும்: சுமார் 5,000. புரோக்கருக்கு அரை மாத வாடகை: 11,500. பெயிண்டுக்கு 35,000 ஆகிறது என்றால், வழக்கப்படி அட்வான்ஸிலிருந்து ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டாலும் மீதி 13,000 கைப்பணம். எல்லாம் சேர்த்தால் 76,000 ரூபாய்க்குப் பக்கத்தில் வருகிறது.

76,000 நஷ்டத்தைத் தவிர்க்க 27,000 கொடுப்பது லாபம்தானே என்று இங்கேயே முடித்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அது அரைக் கணக்கு. அந்த மனிதர் எப்படியும் தங்கியிருக்கப் போகிறவர் என்றால் நீங்கள் எந்த நஷ்டத்தையும் தவிர்க்கவில்லை. 27,000 ரூபாயைச் சும்மா கொடுத்திருக்கிறீர்கள். சலுகையால் மட்டுமே தங்குகிறவர்களிடம்தான் சலுகை வேலை செய்கிறது. இன்னொரு செலவும் இருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். அதைப் பிறகு விவரமாகப் பார்ப்போம்; இப்போதைக்கு வீட்டுக்காரர் பங்காக 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக அவர் செலவழிப்பது 36,000. தவிர்க்க நினைப்பது 76,000. இப்படிப் பத்து வீட்டுக்காரர்கள் பத்துப் பேருக்குக் கடிதம் கொடுத்து, போகவிருந்த ஐந்து பேர் அந்தக் கடிதத்தால் தங்கிவிட்டால் மொத்தத்தில் கை கடிக்காது. மூன்று பேர்தான் தங்கினார்கள் என்றால் நஷ்டம்.

ஆகவே கடிதம் எழுதுமுன் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது, இவர் போகிற மனநிலையில் இருக்கிறாரா என்பது. அவருடைய மகள் பதினொன்றாம் வகுப்பில் பக்கத்துப் பள்ளியில் இருந்தால் இரண்டு வருடம் அசைய மாட்டார்கள்; சலுகையே தேவையில்லை. நம் ஆசிரியையின் வீட்டில் நிலைமை வேறு. மகள் ஏழாம் வகுப்பு. பள்ளி மாற்றுவதென்றால் இப்போதே மாற்ற வேண்டும், ஒன்பதுக்குப் போனபின் யாரும் துணிய மாட்டார்கள். அலுவலகத்துக்குப் பக்கத்தில் போய்விடலாமா என்ற பேச்சு அந்த வீட்டில் நடந்துகொண்டிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. இங்கே கடிதத்துக்கு வேலை உண்டு.

எண்ணில் அடங்காத ஒன்றும் தராசில் இருக்கிறது. அடுத்து வருகிறவர் எப்படிப்பட்டவர் என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு மாத வாடகை பாக்கி, அதற்கு நோட்டீஸ், நோட்டீஸுக்கு ஒரு மாத அவகாசம், அப்புறம் வாடகை நீதிமன்றம் என்று ஒருமுறை போய்வந்தால் இந்த 36,000 ரூபாய் பெரிய தொகையாகத் தெரியாது. வெளியூரில் தனியாக இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் காரணம் ஒன்றே போதும் என்பது என் எண்ணம். அதே தெருவில் இருந்து தினமும் வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் சலுகையைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

இனி குடியிருப்பவர் பக்கம். மாதம் எழுநூறு ரூபாய்க்காக யாரும் மூன்று வருடம் கட்டுப்பட மாட்டார்கள். அவருக்கு அதைவிட மதிப்புள்ள வேறொன்று உங்கள் கையில் இருக்கிறது. வாடகை வீட்டில் இருப்பவர் ஒவ்வொரு பதினோரு மாதமும் இரண்டு பயத்தோடு இருக்கிறார்: எவ்வளவு ஏற்றுவார்கள், ‘பையன் வருகிறான், காலி பண்ணுங்க’ என்று சொல்லிவிடுவார்களா. மூன்றாவது வருட வாடகை இவ்வளவுதான் என்று இன்றே தெரிவதும், மகள் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும்வரை வீடு மாற வேண்டாம் என்பதும்தான் அவர் வாங்கும் பொருள். எழுநூறு ரூபாய் அதன் மேல் வைக்கும் கொசுறு. கடிதத்தில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

தலைகீழாக எழுதினால் எப்படி இருக்கும் என்றால், இப்படி இருக்கும்: “தற்போது நம் ஏரியாவில் இதே மாதிரி வீடுகள் 26,000-க்குப் போகின்றன. இருந்தாலும் நீங்கள் பழையவர் என்பதால் சலுகை தர முடிவு செய்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டும். இடையில் காலி செய்யக் கூடாது. இந்த வாரத்துக்குள் பதில் தெரிவிக்கவும்.” இதில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் படிப்பவர் முதலில் செய்வது, அந்த 26,000 உண்மையா என்று போனில் தேடிப் பார்ப்பது. தேடத் தொடங்கினால் கண்ணில் படுவது வேறு வீடுகள்தான்! அவரைத் தங்கவைக்க எழுதிய கடிதமே வீடு பார்க்க அனுப்பிவைக்கிறது. ‘இந்த வாரத்துக்குள்’ என்பது மிரட்டலாகக் கேட்கும். ‘கூடாது’ என்ற சொல் அவர் மேல் மட்டும் விழுகிறது; வீட்டுக்காரர் எதற்குக் கட்டுப்படுகிறார் என்று ஒரு வரிகூட இல்லை.

நம் ஆசிரியை எழுதினால் இப்படி எழுதலாம்.

“அன்புள்ள தம்பிக்கு,

நலம். வீட்டில் அனைவரும் நலம்தானே? பாப்பாவின் பரீட்சை எப்படிப் போகிறது?

ஜூன் 30-உடன் நம் ஒப்பந்தம் முடிகிறது. வழக்கம்போலப் புதுப்பிக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒரு யோசனையை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இந்த முறை பதினோரு மாதத்துக்குப் பதில் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாமா? அந்த மூன்று வருடமும் வீட்டைக் காலி செய்யும்படி நான் கேட்க மாட்டேன். வாடகை பாக்கி போன்ற காரணம் இருந்தால் தவிர. வீட்டை விற்கும் எண்ணமும் எனக்கு இல்லை. வாடகை முதல் வருடம் 22,400, இரண்டாம் வருடம் 23,500, மூன்றாம் வருடம் 24,700. இதற்கு மேல் ஏறாது. வழக்கப்படி ஐந்து சதவீதம் ஏறினால் முதல் வருடமே 23,100 ஆகியிருக்கும். மூன்று வருடத்தில் உங்களுக்குச் சுமார் 27,000 ரூபாய் குறையும்.

அலுவலகத்தில் மாற்றல் வரலாம் என்பது எனக்குத் தெரியும். அதனால் முதல் ஒரு வருடம் மட்டும் இருந்தால் போதும். அதன் பிறகு எப்போது வேண்டுமானாலும் இரண்டு மாதம் முன்னால் சொல்லிவிட்டுக் காலி செய்யலாம்; அட்வான்ஸில் அபராதம் எதுவும் பிடிக்க மாட்டேன். மூன்று வருடம் முழுவதும் இருந்தால் காலி செய்யும்போது பெயிண்டுக்காகப் பிடிக்கும் ஒரு மாத வாடகையும் வேண்டாம்.

ஒரு செலவு இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருட ஒப்பந்தம் என்றால் பதிவு செய்ய வேண்டும். முத்திரைக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் சேர்த்துச் சுமார் 18,000 ஆகும் என்கிறார்கள். ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாம். இதைக் கழித்தாலும் மூன்று வருடத்தில் உங்களுக்கு 17,000-க்கு மேல் மிஞ்சும்.

எனக்கு இதில் என்ன லாபம் என்று நீங்கள் யோசிக்கலாம். நான் திருச்சியில் இருக்கிறேன். புதிதாக ஆள் தேடுவது, பெயிண்ட் அடிப்பது, ஆடியில் வீடு சும்மா கிடப்பது எல்லாம் எனக்குச் செலவும் அலைச்சலும்தான். மிக்ஜாம் புயலின்போது படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்கியதை அன்றே படம் எடுத்து அனுப்பினீர்கள். அதனால்தான் மொட்டைமாடி விரிசலை உடனே அடைக்க முடிந்தது. அப்படிப் பார்த்துக்கொள்கிறவர் வீட்டில் இருப்பது எனக்கு நிம்மதி.

வீட்டில் கலந்து பேசிவிட்டு ஏப்ரல் கடைசிக்குள் சொன்னால் போதும். வேண்டாம் என்று தோன்றினாலும் தயங்காமல் சொல்லுங்கள். பழையபடி பதினோரு மாதத்துக்கே புதுப்பித்துக்கொள்வோம்.

அன்புடன்…”

இந்தக் கடிதத்தின் பலம், ‘எனக்கு இதில் என்ன லாபம்’ என்ற பத்தியில் இருக்கிறது. வீட்டுக்காரர் தானாக வாடகையைக் குறைக்கிறார் என்றதும் குடியிருப்பவருக்கு முதலில் வருவது சந்தேகம். தண்ணீர்ப் பிரச்சினை வரப்போகிறதா, பக்கத்து மனையில் கட்டடம் எழும்பப் போகிறதா என்று மனம் ஓடும். உங்கள் லாபத்தை நீங்களே சொல்லிவிட்டால் அந்தச் சந்தேகத்துக்கு வேலை இல்லை. புகழ்ச்சியும் அப்படித்தான். ‘நீங்கள் மிகச் சிறந்த குடித்தனக்காரர்’ என்று எழுதினால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதியதுபோல இருக்கும். புயல் நாளில் படம் அனுப்பியதை எழுதினால் அது அவருக்கு மட்டும் எழுதியது. பெயரை மாற்றி வேறொருவருக்கு அனுப்ப முடிகிற கடிதம் என்றால் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

பெயிண்ட் பிடித்தத்தை விட்டுக்கொடுப்பது கணக்கில் பெரிதாகத் தெரியும். ஆனால் அதை நீங்கள் கொடுப்பது மூன்று வருடம் முழுதாக வாடகை வாங்கிய பிறகு. நடுவில் போகிறவருக்கு அது கிடையாது. இடையில் போனால் சலுகைத் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்று சிலர் நிபந்தனை போடுகிறார்கள்; எனக்கு அது பிடிப்பதில்லை. கொடுத்ததைத் திரும்பக் கேட்பதைவிட, தங்கினால் கடைசியில் கொடுப்பது கசப்பில்லாதது.

ஒரு வருடத்துக்குப் பிறகு போகலாம் என்று விட்டுவிட்டால் மூன்று வருட ஒப்பந்தத்துக்கு என்ன பொருள் என்று கேட்கலாம். வேலை மாறிப் போகிறவரை எந்த ஒப்பந்தமும் பிடித்து வைக்காது. பிடித்து வைத்தாலும் கோபத்தோடு இருப்பவர் வீட்டைப் பார்த்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்காரருக்கு உண்மையில் வேண்டியது இரண்டு மாத முன்னறிவிப்பு. அது கிடைத்தால் அவர் இருக்கும்போதே அடுத்தவருக்கு வீட்டைக் காட்டலாம், 46,200 நஷ்டத்தில் பாதியாவது குறையும். ‘வீட்டைக் காட்ட ஒத்துழைக்க வேண்டும்’ என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க மறக்காதீர்கள்.

கடிதத்தில் ‘லீஸ்’ என்ற சொல் வராததைக் கவனித்திருப்பீர்கள். நம் ஊரில் லீஸ் என்றால் சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு வாடகையில்லாமல் குடிவைக்கும் போக்கியம் என்றுதான் புரிந்துகொள்வார்கள். மூன்று வருட வாடகை ஒப்பந்தம் என்றே எழுதுங்கள்.

இனி பதிவு. நாடு முழுக்கப் பதினோரு மாத ஒப்பந்தம் போடுவதற்குக் காரணம் 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை, வாடகை ஆவணங்களைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. பதியாமல் விட்டால் ஆவணம் வெறும் தாளாகிவிடாது. ஆனால் ‘மூன்று வருடம்’ என்பதற்கு நீதிமன்றத்தில் அதைச் சான்றாகக் காட்ட முடியாது. அதாவது கடிதத்தின் உயிரான வாக்குறுதியே செல்லாமல் போகும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் ‘இன்னும் இரண்டு முறை புதுப்பிக்கப்படும்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும் என்று சொல்லும் தட்டச்சுக் கடைக்காரர்கள் உண்டு. செலவு மிச்சம்தான். அந்த வரியை நம்பி மகளின் பள்ளியை முடிவு செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தமிழ்நாட்டில் முப்பது வருடத்துக்குக் குறைந்த வாடகை ஆவணத்துக்கு முத்திரைக் கட்டணம் ஒரு சதவீதம், பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 20,000 ரூபாய். மூன்று வருட வாடகையையும் அட்வான்ஸையும் கூட்டினால் நம் வீட்டுக்கு 9,13,200 வருகிறது. இரண்டு கட்டணமும் சேர்த்து 18,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் கடிதத்தில் தொகையை எழுதுமுன் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் செலவைக் கடிதத்தில் மறைத்தவர்களின் ஒப்பந்தங்கள்தான் கடைசி நாளில் உடைகின்றன. முதல் வருடச் சலுகை மொத்தமே 8,400 ரூபாய். அதைவிடப் பெரிய தொகையைப் பதிவு நாளன்று கட்டச் சொன்னால் யாருக்கும் ஏமாந்ததுபோலத்தான் இருக்கும்.

இதோடு இன்னொரு பதிவும் இருக்கிறது. பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டத்தின்படி எந்த வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். tenancy.tn.gov.in என்ற இணையதளத்தில் ஒப்பந்தத்தையும் இருவர் விவரங்களையும் ஏற்றினால் பதிவு எண் கிடைக்கும். சார்பதிவாளரிடம் பதிந்துவிட்டோமே என்று இதை விட்டுவிடக் கூடாது. பிறகு தகராறு என்று வந்தால் முதலில் கேட்கப்படுவது இந்த எண்தான். அதே சட்டம், வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நீங்கள் பத்து மாத அட்வான்ஸ் வாங்கி வைத்திருப்பவர் என்றால் வாடகையைக் குறைப்பதைவிட அட்வான்ஸில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பது குடியிருப்பவருக்கு இன்னும் இனிக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

எழுதிக் கொடுத்தபின் பின்வாங்க முடியாது என்பதையும் வீட்டுக்காரர்கள் யோசிக்க வேண்டும். நடுவில் வீட்டை விற்றாலும் பதிவான ஒப்பந்தம் வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தும். உங்கள் இடத்தில் அவர் வந்து உட்காருகிறார், அவ்வளவுதான். காலி வீடாக வேண்டும் என்பவர் அந்த வீட்டை வாங்க யோசிப்பார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அடுத்த வருடம் திரும்பலாம், கல்யாணச் செலவுக்கு விற்க வேண்டி வரலாம் என்ற எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இந்தக் கடிதத்தை எழுதாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

கடிதத்தை எப்போது கொடுப்பது? ஜூனில் முடியும் ஒப்பந்தத்துக்கு மார்ச் நடுவில். பள்ளிக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் குடும்பங்கள் இடம் மாறுவதைப் பற்றி முடிவெடுத்துவிடுகின்றன. மே மாதம் கொடுத்தால் அவர் ஏற்கெனவே எடுத்த முடிவோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். முதலில் போனில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, அன்றே கடிதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். போனில் மட்டும் சொன்னால் அவர் மனைவியிடம் அதைத் திருப்பிச் சொல்லும்போது எண்கள் மாறிவிடும். இந்த முடிவை எடுப்பது பெரும்பாலும் அந்த அம்மாள்தான் என்பதால் அவர் கையில் தாள் இருக்க வேண்டும்.

பதில் மூன்று விதமாக வரும். சரி என்றால் ஒப்பந்தத்தில் மூன்று வருட வாடகையையும் தனித்தனியாக எழுதி, இரண்டு சாட்சிகளோடு பதிவுக்குப் போய்விடலாம். “வாடகையை 22,000-லேயே வைத்துக்கொள்ளலாமா?” என்று கேட்டால் எரிச்சல் வேண்டாம், பேரம் பேசுகிறவர் தங்க நினைப்பவர். அடி வாடகையைத் தொடாமல் வேறு ஏதாவது கொடுங்கள். எல்லா ஜன்னலுக்கும் கொசுவலை அடித்துத் தருவது ஒரே முறை ஆகும் செலவு. மடிப்பாக்கத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் அருமை தெரியும். காலி செய்த பிறகும் வலை உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

“வேண்டாம் மேடம், பதினோரு மாதமே இருக்கட்டும்” என்று சொன்னால் அவர் போகும் யோசனையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போது சலுகையைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வழக்கமான ஐந்து சதவீதத்தை ஏற்றி, பதினோரு மாதத்துக்குப் புதுப்பித்து, காலி செய்வதென்றால் இரண்டு மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்ற வரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடியும் தேதி ஆடியிலோ மார்கழியிலோ விழாதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.